ஒரே தேடலுக்கு இரண்டு கட்டுரை

"பட்டா மாறுதல்" என்று கூகுளில் தட்டுகிறவருக்கு வேண்டியது ஒன்றுதான். வாங்கிய நிலத்துக்குப் பத்திரப்பதிவு முடிந்துவிட்டது. வருவாய்த் துறைப் பதிவேட்டில் தன் பெயர் ஏற வேண்டும். அதற்கு எங்கே, எப்படி விண்ணப்பிப்பது? இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் தளங்கள் தமிழில் நிறைய. அவற்றில் ஒன்றை, அரசுச் சேவைகளை எளிய தமிழில் விளக்கும் சிறிய தளம் ஒன்றை, கற்பனையாக எடுத்துக்கொள்வோம். கட்டுரையில் வரும் அதன் எண்களும் விளக்கத்துக்காக நான் வைத்தவைதான். ஆனால் அந்தத் தளத்துக்கு வந்த சிக்கல் கற்பனை இல்லை. சில ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் அது இருக்கும்.

அந்தத் தளத்தில் 2019-ல் ஒருவர் "பட்டா பெயர் மாற்றம் செய்வது எப்படி?" என்று எழுதினார். 2023-ல் வேறொருவர் "ஆன்லைனில் பட்டா மாறுதல்: முழு விவரம்" என்று எழுதினார். பழைய கட்டுரை இருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், "அது பழசு, புதிதாக எழுதுவோம்" என்றிருப்பார். இரண்டும் நல்ல கட்டுரைகள். இரண்டுமே கூகுளின் முதல் பக்கத்தின் அடிவாரத்தில், ஒன்பதாவது பத்தாவது இடங்களில் தத்தளிக்கின்றன. ஒரு வாரம் ஒன்று மேலே வருகிறது, மறு வாரம் மற்றொன்று. இதைத்தான் எஸ்.இ.ஓ. தொழிலில் இருப்பவர்கள் கீவேர்டு கேனிபலைசேஷன் என்கிறார்கள்: ஒரே தளத்தின் இரண்டு பக்கங்கள் ஒரே தேடலுக்குப் போட்டியிட்டு, இரண்டுமே மேலே ஏறாமல் நின்றுபோவது.

இதற்காகக் கூகுள் தண்டனை எதுவும் கொடுப்பதில்லை. பலர் அப்படி நினைத்துப் பதறுகிறார்கள். நடப்பது வேறு. பிற தளங்களிலிருந்து வரும் இணைப்புகள் ஒரு பக்கத்தின் மதிப்பை உயர்த்துகின்றன. இங்கே பாதி இணைப்பு பழைய கட்டுரைக்கும் பாதி புதியதற்கும் போகிறது. தளத்துக்குள்ளேயே மற்ற கட்டுரைகளிலிருந்து "பட்டா மாறுதல்" என்று கொடுக்கும் இணைப்புகளும் அப்படியே பிரிந்துகிடக்கின்றன. ஒரே தொகுதியில் ஒரே கட்சிக்காரர் இருவர் நின்று ஓட்டைப் பிரித்துக்கொண்ட கதைதான். அதோடு இன்னொன்று: இந்தத் தளம் எந்தப் பக்கத்தை முக்கியமாகக் கருதுகிறது என்பதற்குக் கூகுளுக்குத் தெளிவான சைகை கிடைப்பதில்லை. அதனால் அது தானாக ஊகிக்கிறது, அந்த ஊகத்தை அடிக்கடி மாற்றிக்கொள்கிறது.

இருக்கிறதா இல்லையா?

எஸ்.இ.ஓ. கருவிகள் பலவற்றில் இதற்கென்றே ஓர் அறிக்கை உண்டு. ஒரு தேடுசொல்லுக்கு உங்கள் தளத்தின் இரண்டு முகவரிகள் எங்கே தென்பட்டாலும் சிவப்பு அடித்துவிடும். அந்தப் பட்டியலை நம்பி வேலையில் இறங்குவது நல்லதல்ல. அதில் பெரும்பாலானவை வெறும் சத்தம். நம் தளத்திலேயே "உட்பிரிவுப் பட்டா: சர்வேயர் அளவீடு எப்படி நடக்கும்?" என்று மூன்றாவது கட்டுரை இருக்கிறது. அதுவும் "பட்டா மாறுதல்" தேடலில் முப்பதாவது இடத்தில் எப்போதாவது எட்டிப்பார்க்கிறது. அங்கே அது இருப்பதால் யாருக்கும் நட்டமில்லை. அதன் உண்மையான வாசகர், ஒரு சர்வே எண்ணில் ஒரு பகுதியை மட்டும் வாங்கியவர், வேறு சொற்களில் தேடி வருகிறார். அதைத் தொடவே வேண்டாம்.

நம்பக்கூடிய சாட்சி கூகுள் சர்ச் கன்சோல். இலவசம், தளம் உங்களுடையது என்று நிரூபித்தால் போதும். கடைசி 16 மாதங்களின் தேடல் கணக்கு அதில் இருக்கும். தேடல் செயல்பாட்டு அறிக்கையைத் திறந்து, தேடுசொல் வடிகட்டியில் "பட்டா மாறுதல்" என்று சரியாக அந்தச் சொல்லை மட்டும் கொடுத்து, 28 நாட்களைத் தேர்ந்தெடுத்து, கீழே உள்ள அட்டவணையில் பக்கங்களின் பட்டியலுக்குப் போக வேண்டும்.

இங்கே அதிகம் பேர் கவனிக்காத ஒரு நுட்பம் இருக்கிறது. மேலே வரைபடத்தில் காட்டும் மொத்த இம்ப்ரெஷன், அதாவது தேடல் முடிவில் தளம் தென்பட்ட எண்ணிக்கை, தளம் முழுவதையும் ஒன்றாக வைத்து எண்ணப்படுவது. ஒருவர் தேடும்போது உங்கள் இரண்டு பக்கங்கள் ஒன்றாக வந்தாலும் அது ஒன்று என்றே கணக்காகும். கீழே பக்கங்களின் அட்டவணையில் அப்படியல்ல. ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாக எண்ணப்படும். அதனால் கீழே இருப்பதைக் கூட்டினால் மேலே இருப்பதைவிட அதிகமாக வரலாம். பலர் இதைப் பார்த்து "கூகுள் கணக்கே தப்பு" என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அந்த வித்தியாசம்தான் நமக்கு வேண்டிய தகவல்.

நம் தளத்தின் கணக்கைப் பாருங்கள். மேலே மொத்தம் 6,000 இம்ப்ரெஷன். கீழே 2019 கட்டுரைக்கு 3,400, 2023 கட்டுரைக்கு 3,100. கூட்டினால் 6,500. மிச்சம் வரும் 500 தான் இரண்டும் ஒன்றாகத் தோன்றிய தடவைகள். மற்ற 5,500 தடவையும் ஏதாவது ஒன்று மட்டுமே வந்திருக்கிறது. அதாவது இரண்டும் அருகருகே நிற்கவில்லை. ஒன்று வந்தால் மற்றொன்று ஒதுங்கியிருக்கிறது. இரண்டு பக்கங்களுக்கும் தனித்தனியாக நாள்வாரி வரைபடத்தைப் போட்டால் இது கண்ணுக்கே தெரியும்: ஒரு கோடு ஏறும்போது மற்றது இறங்கும், மறு வாரம் தலைகீழாகும். இந்த இடமாற்றம்தான் நோயின் அடையாளம்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. மேலே 6,000, கீழே இரண்டு பக்கங்களுக்கும் கிட்டத்தட்ட ஆறாயிரம் ஆறாயிரம், சராசரி இடம் மூன்றும் நான்கும் என்று இருந்தால் உங்கள் தளம் முதல் பக்கத்தில் இரண்டு நாற்காலிகளைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. ஒரே தளத்தின் முடிவுகள் மேல் இடங்களில் பொதுவாக இரண்டுக்கு மேல் வராதபடி கூகுள் 2019 ஜூனில் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. ஆக இரண்டு என்பதே அநேகமாக உச்சம். அதைப் பிடித்து வைத்திருக்கிறவர் இரண்டையும் இணைத்தால், தானாகவே ஒரு நாற்காலியை எழுந்து அடுத்தவருக்குக் கொடுத்தது போலாகிவிடும். அப்படி இருந்தால் கை வைக்காமல் இருப்பதே உத்தமம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் இன்னொரு தொல்லை. ஒரே தேவையை மக்கள் "பட்டா மாறுதல்" என்றும் "பட்டா பெயர் மாற்றம்" என்றும் தேடுகிறார்கள். ஆங்கில எழுத்தில் patta maruthal என்றும் patta transfer என்றும் தட்டுகிறார்கள். ஒரு சொல்லை மட்டும் பார்த்தால் சிக்கலில் கால்பங்குதான் தெரியும். சர்ச் கன்சோலின் வடிகட்டியில் ரெஜெக்ஸ் கொடுக்கலாம். அதில் இப்படி ஒரு வரி போட்டால் எல்லா வடிவங்களும் ஒன்றாக வந்துவிடும்:

```
பட்டா.*(மாற்ற|மாறுதல்)|patta.*(transfer|maatram|maruthal)
```

கேனிபலைசேஷன் பிறக்கிற இடமே பல சமயம் இதுதான். "மாறுதல்" என்பதற்கு ஒரு கட்டுரை, "மாற்றம்" என்பதற்கு ஒன்று, ஆங்கில எழுத்தில் தேடுகிறவருக்கு இன்னொன்று என்று எழுத்துக்கூட்டுக்கு ஏற்பக் கட்டுரை போடுகிறார்கள். தேவை ஒன்றா, இரண்டா என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்பதற்குக் கூகுளிடமே ஒரு வழி இருக்கிறது. கணக்கிலிருந்து வெளியேறிய தனி ஜன்னலில் இரண்டு சொற்களையும் அடுத்தடுத்துத் தேடி, முதல் பத்து முடிவுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஏழெட்டு முகவரிகள் இரண்டிலும் அவையே என்றால் கூகுள் அவற்றை ஒரே தேவையாகப் பார்க்கிறது; ஒரு கட்டுரை போதும். இரண்டு மூன்றுதான் பொது என்றால் தேவைகள் வேறு. இரண்டு கட்டுரைக்கும் இடம் இருக்கிறது. இணைப்பதா பிரிப்பதா என்ற முடிவில் பாதியை இந்த ஒரு சோதனையே சொல்லிவிடும்.

இணைப்பது

நம் 2019 கட்டுரையும் 2023 கட்டுரையும் ஒரே தேவைக்கு எழுதப்பட்டவை. எனவே இணைக்கத்தான் வேண்டும். எந்த முகவரி நிலைக்க வேண்டும் என்பது முதல் கேள்வி.

இதில் பெரும்பாலானவர்கள் புதிய கட்டுரையையே வைத்துக்கொள்கிறார்கள், அது நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்பதால். ஆனால் எழுத்தையும் முகவரியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எழுத்தை எங்கு வேண்டுமானாலும் எடுத்துப்போய் ஒட்டலாம். பிற தளங்கள் கொடுத்த இணைப்பை அப்படித் தூக்கிச் செல்ல முடியாது. அது பழைய முகவரியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சர்ச் கன்சோலில் இணைப்புகளுக்கென ஒரு பகுதி உண்டு. வெளியிலிருந்து எந்தப் பக்கத்துக்கு எத்தனை இணைப்பு என்று அது காட்டும். நம் தளத்தில் 2019 கட்டுரைக்குப் பல தளங்கள் இணைப்புக் கொடுத்திருக்கின்றன, புதியதற்கு அநேகமாக இல்லை. மேலும் புதியதன் முகவரி `/patta-maruthal-online-2023/`. ஆண்டு போட்ட முகவரி, அடுத்த ஆண்டே கிழடு தட்டிவிடும். பழையதன் முகவரி `/patta-peyar-maatram/`. எந்த ஆண்டுக்கும் பொருந்தும். ஆகவே பழைய முகவரி நிலைக்கும், அதற்குள் புதிய எழுத்து குடியேறும்.

குடியேற்றத்தின்போதுதான் நட்டம் நேர்கிறது. போகப்போகும் 2023 பக்கத்தைச் சர்ச் கன்சோலில் தனியே வடிகட்டி, அது எந்தெந்தத் தேடல்களுக்குக் கிளிக் வாங்கியது என்று பாருங்கள். நாம் போட்டி என்று பார்த்தது "பட்டா மாறுதல்" ஒன்றை மட்டுமே. ஆனால் அந்தப் பக்கம் சத்தமில்லாமல் "பட்டா மாறுதல் விண்ணப்ப நிலை அறிவது", "கூட்டுப் பட்டாவைத் தனிப் பட்டாவாக்குவது" போன்ற தேடல்களுக்குத் தினமும் ஆட்களைக் கொண்டுவந்துகொண்டிருக்கலாம். அவற்றுக்கான விடை அதில் ஏதோ ஓர் உள்தலைப்பின் கீழ் இருக்கும். இணைக்கும்போது "நீளமாக இருக்கிறது" என்று அந்தப் பகுதியை வெட்டிவிட்டால், ரீடைரெக்ட் ஆகி வருகிற வாசகர் தேடியது அங்கே இருக்காது. கொஞ்ச நாளில் கூகுளும் அந்தத் தேடல்களுக்குப் பக்கத்தைக் காட்டாது. எனவே இரண்டு பக்கங்களின் தேடல் பட்டியலையும் எதிரே வைத்துக்கொண்டு, கிளிக் வரும் ஒவ்வொரு கேள்விக்கும் புதிய வடிவில் ஓர் இடம் இருக்கிறதா என்று டிக் அடித்துக்கொண்டே எழுத வேண்டும். இரண்டு கட்டுரையையும் அப்படியே ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டுவதும் கூடாது. தேவையான ஆவணங்களின் பட்டியல் இரண்டிலும் இருந்தால், கிரயப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் ஒரே பக்கத்தில் இரண்டு முறை வரும். படிக்கிறவர் எது இன்றைய நடைமுறை என்று குழம்புவார்.

எழுதி முடித்த பிறகு 2023 முகவரியை நிரந்தரமாகத் திருப்பிவிட வேண்டும். இதற்குப் பெயர் 301 ரீடைரெக்ட். வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால் இதற்கென்றே பிளக்இன்கள் உண்டு. அப்பாச்சி சர்வரில் நேரடியாகச் செய்வதென்றால் `.htaccess` கோப்பில் ஒரு வரி:

```
RedirectMatch 301 ^/patta-maruthal-online-2023/?$ /patta-peyar-maatram/
```

முகவரியே தமிழ் எழுத்தில் இருக்கும் தளங்கள் இங்கே தடுக்கி விழுவதுண்டு. பிரவுசரிலிருந்து முகவரியை நகல் எடுத்தால் அது `%E0%AE%AA` என்று தொடங்கும் நீண்ட சரமாக வரும். அதை அப்படியே இந்த வரியின் முதல் பாதியில் ஒட்டினால் வேலை செய்யாது. அப்பாச்சி அந்தக் குறிகளைப் பிரித்துத் தமிழ் எழுத்தாக்கிய பிறகுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறது. எனவே அங்கே தமிழிலேயே எழுதி, கோப்பை யுடிஎஃப்-8 வடிவில் சேமிக்க வேண்டும். போட்ட பிறகு பழைய முகவரியை ஒரு முறை திறந்து, சரியான பக்கத்துக்குப் போகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

ரீடைரெக்ட் செய்தால் இணைப்பின் மதிப்பில் ஒரு பகுதி கசிந்துபோகும் என்று ஒரு காலத்தில் பரவலாக நம்பினார்கள். 30-ல் தொடங்கும் ரீடைரெக்டுகளால் பேஜ்ரேங்க் இழப்பு இனி இல்லை என்று கூகுளின் கேரி இல்யஸ் 2016-ல் சொல்லிவிட்டார். அந்தப் பயத்தில் இணைப்பைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

ரீடைரெக்டுக்குப் பதிலாகச் சிலர் வேறு மூன்று வழிகளை நாடுகிறார்கள். மூன்றும் இந்த வேலைக்குப் பொருந்தாதவை. ஒன்று, பழைய பக்கத்தை அப்படியே அழித்துவிடுவது. அதற்கு வந்த இணைப்புகளும் அதோடு போய்விடும். புக்மார்க் வைத்திருந்தவர் 404-ல் போய் முட்டிக்கொள்வார். இரண்டு, கேனானிகல் குறி போடுவது. 2009-ல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து அறிவித்த இந்தக் குறி, ஒரே உள்ளடக்கம் பல முகவரிகளில் கிடைக்கும்போது எது மூலம் என்று சொல்வதற்கானது. கூகுள் அதை ஒரு குறிப்பாகத்தான் எடுத்துக்கொள்கிறது. நம் இரண்டு கட்டுரைகளைப் போல எழுத்து வேறு வேறாக இருந்தால் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம். மூன்று, நோஇண்டெக்ஸ் போட்டு ஒன்றைத் தேடலிலிருந்து மறைப்பது. போட்டி நின்றுவிடும், உண்மைதான். ஆனால் மறைந்த பக்கத்தின் பலம் மற்றதற்குப் போய்ச் சேராது. வாசகர் தளத்துக்குள் படிக்க வேண்டிய, ஆனால் தேடலில் வரத் தேவையில்லாத பக்கத்துக்கு அது சரி.

எல்லாம் முறையாகச் செய்துவிட்டு, "பழையதைக் கூகுள் பார்க்கவே வேண்டாம்" என்று `robots.txt`-ல் அந்த முகவரியைத் தடுத்துவிடுகிறவர்களும் உண்டு. தடுத்தால் கூகுள் அந்தப் பக்கம் வராது. வராவிட்டால் அங்கே ரீடைரெக்ட் இருப்பதே அதற்குத் தெரியாது. கதவில் ஒட்டிய அறிவிப்பை யாரும் படிக்காதபடி தெருமுனையையே அடைத்த கதை.

வெளியார் கொடுத்த இணைப்புகளை நம்மால் மாற்ற முடியாது, ரீடைரெக்ட் பார்த்துக்கொள்ளும். ஆனால் நம் தளத்துக்குள் இருக்கும் இணைப்புகளைத் திருத்திவிட வேண்டும். ரீடைரெக்ட் வழியாகச் சுற்றவிடாமல், எல்லாக் கட்டுரைகளிலும் நேராக நிலைத்த முகவரிக்கே போகட்டும். தளவரைபடக் கோப்பிலிருந்து பழைய முகவரியை எடுத்துவிட வேண்டும். இதற்கு முன்பு எப்போதோ வேறொரு பக்கம் 2023 கட்டுரைக்குத் திருப்பப்பட்டிருந்தால் அதையும் கடைசி முகவரிக்கே மாற்றி எழுத வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்று என்று சங்கிலி நீண்டால் வேகமும் குறையும், எங்காவது அறுந்தும் போகும். ரீடைரெக்டைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது. வைத்திருப்பதற்குச் செலவு எதுவும் இல்லாததால், எடுக்காமலே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

பிரிப்பது

நம் தளத்தில் நான்காவதாக ஒரு கட்டுரை இருக்கிறது: "பட்டா சிட்டா: பார்ப்பது, மாற்றுவது, எல்லாமே ஆன்லைனில்". இதற்கு வரும் வாசகர்களில் பெரும்பாலோர் பட்டாவைப் பார்க்கவோ அச்செடுக்கவோ விரும்புகிறவர்கள். மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் கொடுத்து விவரத்தை எடுப்பது எப்படி என்பதே அவர்கள் கேள்வி. மாற்ற வேண்டியவர் வேறு ஆள். கூகுளில் இரண்டையும் தேடி ஒப்பிட்டாலும் முடிவுகள் பெரிதும் வேறுபடுகின்றன. ஆகவே இதை இணைக்கக் கூடாது. ஆனால் தலைப்பில் "மாற்றுவது" என்ற சொல்லும், உள்ளே நானூறு சொற்களில் பெயர் மாற்றம் பற்றிய பகுதியும் இருப்பதால், இதுவும் அவ்வப்போது பட்டா மாறுதல் போட்டியில் மூக்கை நுழைக்கிறது.

பிரிப்பது என்றால் தலைப்பை மட்டும் மாற்றுவது என்று நினைப்பவர்கள் அதிகம். அது ஓரளவுக்குத்தான் உதவும். நாம் கொடுக்கும் தலைப்பைக் கூகுள் அப்படியே காட்டும் என்ற உறுதியும் இல்லை. பக்கத்தின் உள்ளே இருக்கும் பெரிய தலைப்பையோ, பிறர் இணைப்புக் கொடுத்த சொற்களையோ எடுத்துத் தானே ஒன்றை அமைத்துக்கொள்ளும். உள்ளடக்கத்தை நகர்த்தினால்தான் பிரிவு நிலைக்கும். அந்த நானூறு சொற்களில் மாறுதல் கட்டுரையில் இல்லாத தகவல் ஏதாவது இருந்தால் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, இங்கே இரண்டு வரி போதும்: பெயர் மாற்ற வேண்டுமென்றால் இந்தக் கட்டுரையைப் பாருங்கள் என்று ஓர் இணைப்பு. தலைப்பு "பட்டா சிட்டா ஆன்லைனில் பார்ப்பது, அச்செடுப்பது எப்படி?" என்று சுருங்கட்டும். முதல் பத்தியிலேயே பார்ப்பதற்கு என்ன விவரங்கள் கையில் வேண்டும் என்று தொடங்கட்டும்.

பிறகு இணைப்புச் சொற்கள். தளத்தின் மற்ற கட்டுரைகளில் எங்கே பார்த்தாலும் "பட்டா" என்ற ஒற்றைச் சொல்லை நீல எழுத்தாக்கி, சில இடத்தில் பார்க்கும் கட்டுரைக்கும் சில இடத்தில் மாற்றும் கட்டுரைக்கும் போகும்படி வைத்திருப்பார்கள். எந்தப் பக்கம் எதற்கு என்று கூகுள் புரிந்துகொள்வதற்கு இந்தச் சொற்களும் ஆதாரம். "பட்டா மாறுதல்" என்று எழுதினால் அது எப்போதும் மாறுதல் கட்டுரைக்கே, "பட்டா பார்ப்பது" என்றால் பார்க்கும் கட்டுரைக்கே போக வேண்டும். சலிப்பான வேலைதான். நூறு கட்டுரை உள்ள தளத்தில் ஒரு பிற்பகல் போய்விடும். ஆனால் இதைச் செய்யாமல் தலைப்பை மட்டும் மாற்றிவிட்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்று குறைபடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

பலித்ததா?

இணைத்த மறுநாள் இடம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கக் கூடாது. சர்ச் கன்சோலின் இறுதிக் கணக்கே இரண்டு மூன்று நாள் பிந்தித்தான் வரும். கூகுள் பழைய முகவரிக்குத் திரும்ப வந்து, ரீடைரெக்டைப் பார்த்து, மதிப்பை மாற்றி எழுத வாரக்கணக்கில் ஆகலாம். அதற்குள் இரண்டு மூன்று வாரம் கிளிக் குறைந்து, தளத்துக்காரர் பயந்துபோய் எல்லாவற்றையும் பழையபடி மாற்றி, பிறகு மறுபடியும் மாற்றி, கூகுளை இன்னும் குழப்பிவிடுவதும் நடக்கிறது. வேலை நடக்கிறதா என்பதற்கு முதல் தடயம், 2023 முகவரியின் இம்ப்ரெஷன் மெல்லத் தேய்ந்து பூஜ்யத்தை நோக்கிப் போவது. பக்க அட்டவணைப்படுத்தல் அறிக்கையில் அந்த முகவரி ரீடைரெக்ட் உள்ள பக்கம் என்ற பட்டியலுக்குப் போய்விடும். அது பிழை இல்லை. நாம் கேட்டதுதான் அது.

ஒப்பிடும்போது எதை எதோடு வைக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். இணைப்பதற்கு முந்தைய 28 நாளில் இரண்டு பக்கங்களுக்கும் எல்லாத் தேடல்களிலிருந்தும் கிடைத்த கிளிக் 900-ம் 600-ம் என்றால், இணைத்து இரண்டு மாதம் கழித்து ஒற்றைப் பக்கத்தின் 28 நாள் கணக்கை 1,500-ஓடு ஒப்பிட வேண்டும். 900-ஓடு ஒப்பிட்டுவிட்டு "முந்நூறு கூடியிருக்கிறது" என்று மகிழ்ந்தால் உண்மையில் முந்நூறை இழந்திருக்கிறோம் என்பது தெரியாமலே போகும். அப்படிக் குறைந்திருந்தால், முன்பு வாங்கிவைத்த தேடல் பட்டியலோடு இன்றைய பட்டியலை ஒப்பிட்டு எந்தக் கேள்விகள் காணாமல் போயின என்று பாருங்கள். பெரும்பாலும் "விண்ணப்ப நிலை" போன்ற ஓர் உள்தலைப்பு வெட்டுப்பட்டிருக்கும். திருப்பிச் சேர்த்தால் மீளும்.

சராசரி இடம் என்ற எண்ணை மட்டும் வைத்து முடிவுகட்டவும் முடியாது. இணைந்த பக்கம் முன்பைவிட அதிகத் தேடல்களில் தலைகாட்டத் தொடங்கும். அந்தப் புதிய தேடல்களில் அது நாற்பதாவது இடத்தில் இருக்கும். அதனால் சராசரி கீழே இறங்கிவிடும். "பட்டா மாறுதல்" என்ற ஒரு சொல்லின் இடம் ஒன்பதிலிருந்து ஐந்துக்கு ஏறியிருந்தாலும் மொத்தச் சராசரி மோசமாகத் தெரியலாம். நாம் தொடங்கிய அந்த ரெஜெக்ஸ் வரியைப் போட்டு, அந்தத் தேடல்களை மட்டும் பார்த்தால் சரியான படம் கிடைக்கும்.

சில தேடல்களில் இவ்வளவையும் செய்தும் ஒன்றும் நகராது. "பட்டா சிட்டா" என்று இரண்டே சொல் தட்டுகிறவர்களில் அதிகம் பேருக்கு வேண்டியது விளக்கமே இல்லை. தமிழ்நாடு அரசின் நில ஆவணத் தளத்துக்கு நேரே போக வேண்டும் அவ்வளவுதான். அங்கே முதலிடம் அரசுத் தளத்துக்கே உரியது. நம் இரண்டு கட்டுரைகள் அந்தத் தேடலில் எட்டாவதும் பதினொன்றாவதுமாக இருப்பதைப் பார்த்து, போட்டியால்தான் மேலே ஏறவில்லை என்று நினைத்து அவற்றை இணைத்தால், அந்தத் தேடலில் ஏறப்போவதும் இல்லை, வேறு தேடல்களில் தனித்தனியே வாங்கிக்கொண்டிருந்த கிளிக்கும் கலைந்துபோகும். அங்கே செய்யக்கூடியது, பார்க்கும் கட்டுரையின் முதல் வரியிலேயே அரசுத் தளத்தின் இணைப்பைக் கொடுத்து, அங்கே போனதும் எந்தப் பெட்டியில் எதை நிரப்புவது என்று படத்தோடு காட்டுவதுதான்.